வானவில் படிந்த சட்டியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து வாசியுங்கள். ஏனென்று கடைசிக்குள் விளங்கும்.

போன மாதம் ஒரு மாணவியின் தாய் பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகும் போகாமல் நின்றார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். கையில் ஒரு சாக்குப் பை. பைக்குள் எட்டு லீற்றர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. அவருடைய கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்ததாம், இருபது வருசத்துக்கு மேலாகிறது.

"சேர், இதுல வெசம் ஏறிருச்சாம். அடியில வானவில் மாதிரி கலரு வந்துருச்சு, வெள்ளப் புள்ளியும் இருக்கு. வேன்ல பாத்திரம் விக்க வர்றவரு காந்தத்த வச்சுப் பாத்துட்டு இது போலிச் சில்வர், இதுல ஆக்கித் திங்காதீங்கன்னு சொன்னாரு. பழசக் குடுத்துட்டு மேல காசு கட்டினா புதுசு தாராராம். நீங்க சயன்ஸ் படிப்பிக்கிறீங்கதானே, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

ஒரு நாள் கூலியை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீடு அது. நல்ல பாத்திரம் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டு, அதைவிட மெல்லிய தகட்டில் செய்த பாத்திரத்தை மாதத் தவணைக்குத் தலையில் கட்டுகிற வியாபாரம் இது. நம்முடைய லயங்களில் மட்டுமல்ல, டவுனில் நம்மவர்களின் வீடுகளிலும் நடக்கிறது. என் வீட்டுக்கும் வந்தார்கள். அந்த மனிதரோடு எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, அவரும் வயிற்றுப் பிழைப்புக்குத்தான் வருகிறார். ஆனால் அவர் சொன்ன மூன்றும் பொய். நிறம் விஷமில்லை. வெள்ளைப் புள்ளி விஷமில்லை. காந்தம் போலியைக் கண்டுபிடிக்காது.

காந்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பாடப் புத்தகத்தில் 'கறையில் உருக்கு' என்று படித்தது ஞாபகம் இருக்கும். அதுதான் எவர்சில்வர். இரும்போடு குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் கலந்தால்தான் அந்தப் பெயர். நல்ல சமையல் பாத்திரத்தில் பெரும்பாலும் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் இருக்கும். அந்த வகையில் காந்தம் ஒட்டாது. சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மங்கனீசு போட்ட மலிவு வகையிலும் ஒட்டாதே! நிக்கலே இல்லாத, குரோமியம் மட்டும் உள்ள வகையில் ஒட்டும், அதுவும் அசல் எவர்சில்வர்தான். இன்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். இன்னும் ஒன்று: நல்ல வகைத் தகட்டையே இழுத்து வளைத்துப் பாத்திரமாக்கும்போது வளைந்த மூலைகளில் கொஞ்சம் காந்தத் தன்மை வந்துவிடும். அந்த அம்மாவின் பாத்திரத்தில் காந்தம் ஒட்டியது விளிம்பு வளைவில், அதுவும் லேசாக. வேன்காரர் வேண்டுமென்றே அந்த இடத்தில் வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

இனி நிறத்துக்கு வருவோம்.

மழை நாளில் ஹட்டன் பஸ் நிலையத்தில் தேங்கிய தண்ணீரில் டீசல் சிந்தினால் என்ன தெரியும்? நீலம், ஊதா, மஞ்சள், பச்சை. டீசலுக்கு அந்த நிறம் கிடையாது. மிக மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்புகிற ஒளி ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் கூடும், சில நிறங்கள் அழியும். எவர்சில்வரிலும் அதே கதைதான். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து எப்போதும் ஒரு தோலைப் போர்த்திக்கொண்டே இருக்கும். சில நனோமீற்றர் தடிப்புத்தான், கண்ணுக்குத் தெரியாது. துருப்பிடிக்காமல் காப்பது அந்தத் தோல்தான். பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தத் தோல் தடிக்கும். கொஞ்சம் தடித்தால் வைக்கோல் மஞ்சள், இன்னும் தடித்தால் கபிலம், அதற்கு மேல் ஊதா, நீலம். வெளியிலிருந்து எந்த நஞ்சும் வந்து ஒட்டவில்லை, பாத்திரத்தின் சொந்தத் தோல் தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அளவுக்கு மீறி என்றால் எவ்வளவு? ஏறக்குறைய 300 பாகை செல்சியசைத் தாண்ட வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அது நடக்கவே நடக்காது. நம்முடைய மலையில் தண்ணீர் 100 பாகை வரைகூடப் போவதில்லை, நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், ஹட்டனில் 96 அளவில். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அடித்தகடும் அந்த வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே உள்பக்கம் அடியில் அழுத்தமான நீலமும் ஊதாவும் வந்தால் அர்த்தம் ஒன்றுதான்: ஏதோவொரு நாள் தண்ணீர் வற்றிய பிறகும் பாத்திரம் அடுப்பில் இருந்திருக்கிறது. கேட்டேன். யோசித்துவிட்டுச் சிரித்தார். வெந்நீர் வைத்துவிட்டுப் பிரட்டுக்குப் போன நாளாம்.

அழுத்தமில்லாத, சாய்த்துப் பார்த்தால் மட்டும் மினுங்குகிற வானவில் வேறொரு வழியிலும் வரும். சோறு வடித்த கஞ்சியும் தண்ணீரிலுள்ள உப்புகளும் மெல்லிய படலமாகக் காய்ந்தாலும் அதே ஒளி விளையாட்டு நடக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்பதால் பிரித்துப் பார்த்து மண்டையை உடைக்கத் தேவையில்லை.

அந்த மருந்து கடையில் விற்கிற சாதாரண வினாகிரி. தென்னை வினாகிரியோ செயற்கை வினாகிரியோ, எதுவும் பரவாயில்லை. இரண்டிலும் வேலை செய்வது அசற்றிக் அமிலம்தான்.

ஆசிரியர் அறையில் வைத்து அந்தப் பாத்திரத்துக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை முழுதாக எடுத்தோம். இதை விட்டுவிட்டு வினாகிரி ஊற்றுகிறவர்கள்தான் 'ஊத்தினேன், ஒண்ணும் நடக்கல்ல' என்கிறார்கள். எண்ணெய் இருக்கிற இடத்தில் அமிலம் தொடாது. பிறகு ஒரு கோப்பை வினாகிரிக்கு ஒரு கோப்பை தண்ணீர் கலந்து ஊற்றினோம், அடி முழுவதும் மூடுகிற அளவுக்கு. மெல்லிய நெருப்பில் வைத்து ஆவி பறக்கத் தொடங்கியதும் அணைத்தோம். கொதிக்கவிடவில்லை. கொதித்தால் அமிலம் ஆவியாகி உங்கள் மூக்குக்குத்தான் போகும். பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, மெல்லிய துணியால் துடைத்து, நன்றாகக் கழுவினோம்.

மினுங்கிய வானவில் முழுதாகப் போய்விட்டது. அந்த அம்மா பாத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கபில வட்டம் அசையாமல் நின்றது. பிரட்டுக்குப் போன நாளின் அடையாளம் அது. அதற்கு வினாகிரி போதாது.

இரண்டாம் சுற்றுக்கு சிற்றிக் அமிலம் வாங்கினேன். கேக் சாமான் விற்கிற கடைகளில் சீனி மாதிரிச் சின்னப் பக்கற்றில் கிடைக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. கை பொறுக்காத சூடு, ஆனால் கொதியில்லை. அரை மணி நேரம். அதற்குப் பிறகு அப்பச்சோடாவில் சில துளி தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, பாத்திரத்தின் மினுக்குக் கோடு ஓடுகிற திசையிலேயே துணியால் தேய்த்தோம். குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும். நீலம் போனது, மஞ்சள் நிழல் ஒன்று லேசாக மிச்சம். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மெல்லிய மஞ்சள் நிழலை விட்டுவிடலாம், கேடில்லை. ஆனால் அழுத்தமான நீலத்தையும் கறுத்த கபிலத்தையும் அழகுக்காக மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. கடும் சூட்டில் மேலே தோல் தடிப்பதற்காகக் குரோமியம் கீழேயிருந்து மேலேறிப் போகும். அதனால் தோலுக்கு அடியிலுள்ள உலோகத்தில் குரோமியம் குறையும். அந்த இடத்தில் உப்பு கடித்தால் மற்ற இடத்தைவிட இலகுவாகக் கடிக்கும். வெல்டிங் பட்டறைகளில் இதே நிறத்தை நைத்திரிக், ஐதரோபுளோரிக் அமிலக் கலவைப் பசையால் எடுப்பார்கள். யாராவது அந்தப் பசையைக் கொஞ்சம் கொண்டுவந்து தருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். தோல் வழியாக உள்ளே போய் எலும்புவரை தாக்குகிற அமிலம் அது. சோற்றுச் சட்டிக்கு அந்த வேலை வேண்டாம்.

கொறக்காய்ப் புளி இருக்கிற வீட்டில் சிற்றிக் அமிலம் வாங்கவும் தேவையில்லை. நாலைந்து துண்டை ஒரு லீற்றர் தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தச் சூட்டோடு ஊறவிடலாம். வேகம் கொஞ்சம் குறைவு. என் உம்மா தேசிக்காய்த் தோலை எறியவே மாட்டா, சாறு பிழிந்த தோலால் அடியைத் தேய்ப்பா. மெல்லிய வானவில்லுக்கு அது தாராளம்.

இந்த இடத்தில் நம்முடைய வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சண்டை இருக்கிறது. புளியும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது பித்தளைக்கும் செம்புக்கும் அருமையான முறை. அந்த உலோகங்களின் கறுப்புப் படலத்தைக் கரைக்க அமிலத்தோடு உப்பு உதவி செய்யும். குத்துவிளக்குக்குச் சரி, செம்புக் குடத்துக்குச் சரி. அதே கலவையை எவர்சில்வரில் பூசி இரவு முழுக்க ஊறவைக்கிறார்கள். நிறம் போகும், ஆனால் காலையில் வெள்ளைப் புள்ளி வந்திருக்கும். நிறத்தை எடுக்கப் போய்க் குழியை வாங்கிக்கொண்டு வருகிறோம். எவர்சில்வருக்குப் புளி போடுங்கள், உப்பைத் தொடாதீர்கள்.

அடுத்த சண்டை கைப்பேசியோடு. வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குகிற வீடியோவை எத்தனை பேர் எனக்கு அனுப்பினீர்கள்! நுரையைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பது போல இருக்கும். தரம் பத்துப் பிள்ளையைக் கேளுங்கள். அமிலமும் காரமும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துவிடும். காபனீரொட்சைட்டு நுரையாகப் போகும், மிஞ்சுவது வலுவில்லாத உப்புத் தண்ணீர். இரண்டு சாமானுக்கும் காசு கொடுத்து இரண்டையும் வீணாக்கியதுதான் மிச்சம். அமிலத்தைத் தனியாகப் போடுங்கள். கழுவுங்கள். பிறகு சோடாவைத் தனியாகப் போடுங்கள். அப்படிப் போட்டால் இரண்டும் வேலை செய்யும்.

இப்போது வெள்ளைப் புள்ளிகள். உண்மையான நஷ்டம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு வேறு சாமான்கள் இவை. ஒன்று மேலே படிந்த படிவு. தண்ணீரிலுள்ள கல்சியம் காபனேற்றும் சோற்றுக் கஞ்சியும் காய்ந்து ஒட்டியது. மற்றது படிவே இல்லை, குழி. உலோகம் ஊசிமுனையளவுக்குத் தின்னப்பட்டுப் பள்ளமாகியிருக்கிறது. பள்ளத்தில் ஒளி சிதறுவதால் சில வேளை வெள்ளையாகத் தெரிகிறது. படிவை எடுக்கலாம். குழியை எடுக்க முடியாது, ஏனென்றால் எடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பிரித்தறிய ஒரு கரண்டி வினாகிரி போதும். புள்ளியின் மேல் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். படிவென்றால் கரைந்திருக்கும், கஞ்சி கலந்த படிவென்றால் துணியோடு உரிந்து வரும். பிறகு நன்றாகக் காயவைத்து, அறையை இருட்டாக்கி, கைப்பேசி டோர்ச்சைப் பாத்திரத்தின் அடியோடு அடியாகச் சாய்த்துப் பிடியுங்கள். குழியென்றால் ஒரு பக்கம் நிழல் விழும். நகத்தின் நுனியை மெதுவாக இழுத்தால் தட்டுப்படும். இந்தச் சோதனை தெரியாமல்தான் பலர் குழியை அழுக்கென்று நினைத்துக் கையும் நோக, பாத்திரமும் நோகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அம்மாவின் பாத்திரத்தில் எண்ணினோம். மொத்தம் இருபத்து மூன்று புள்ளி. வினாகிரிக்குப் பிறகு ஒன்பது போய்விட்டது. பதினாலு நின்றது. பதினாலும் குழி. அதில் இரண்டின் நடுவில் செம்மஞ்சள் பொட்டு, அதாவது உள்ளே துரு.

யாழ்ப்பாணத்திலோ புத்தளத்திலோ என்றால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். சுண்ணக்கல் மண்ணில் ஊறிய கிணற்றுத் தண்ணீர், கேத்தலுக்குள்ளே வெள்ளை ஓடே கட்டும். நம்முடைய மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, அவ்வளவு சுண்ணாம்பு இல்லை. ஆகவே நம்மூர்ச் சட்டியில் வெள்ளைப் புள்ளி பிடிவாதமாக நின்றால் தண்ணீரைச் சந்தேகிப்பதற்கு முதல் உப்புப் போத்தலைச் சந்தேகியுங்கள்.

எப்படி விழுகிறது இந்தக் குழி? நாம் சமைக்கிற முறையைப் பாருங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதில் ஒரு கை கல்லுப்பைப் போட்டு, அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்போம். ஆனையிறவு உப்போ அம்பாந்தோட்டை உப்போ, கல்லு கல்லாக நேரே அடிக்குப் போய் உட்காரும். அசையாத குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகவே கரையும். அந்தக் கல் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் குளோரைட்டு மிகச் செறிவாக இருக்கும், ஒட்சிசன் குறைவாக இருக்கும். குரோமியத் தோலுக்கு மிகப் பெரிய எதிரி குளோரைட்டு. தோல் கிழிந்தால் ஒட்சிசன் இருந்தால்தான் மீண்டும் வளரும். கிழிக்கிறவன் கூடவும் தைக்கிறவன் குறையவுமான இடத்தில் கிழிசல் பெருகத்தானே செய்யும். அதோடு கீழேயிருந்து சூடும் ஏறுகிறது, சூடு இந்த வேலையை வேகமாக்கும்.

குழி ஒருமுறை விழுந்துவிட்டால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்பதுதான் மோசம். உள்ளே கரைந்த உலோகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் இன்னும் குளோரைட்டை உள்ளே இழுக்கும். வாய் ஊசிமுனையளவு, வயிறு அதைவிடப் பெரிது. அதனால்தான் மேலே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு மட்டும் தெரிந்துகொண்டிருந்த பாத்திரம் ஒரு நாள் திடீரென்று ஒழுகுகிறது.

பதினாலு குழியும் பாத்திரத்தின் அடியில் ஒரு பக்கமாகவே கூடியிருந்தது. கேட்டேன், "அக்கா, உப்ப எப்ப போடுவீங்க?"

"தண்ணி ஊத்தினதும் போட்டுருவேன் சேர். இல்லாட்டி மறந்துருவேன்."

"எந்தக் கையால, எந்தப் பக்கம் நின்னு?"

நின்று காட்டினார். அடுப்புக்கு வலப்பக்கம் நின்று, வலது கையால், கைப்பிடிக்குப் பக்கத்தில். குழிகள் கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற சமயபாட டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

தண்ணீர் நன்றாகக் கொதித்துப் புரளும்போது உப்பைப் போட்டால் அடியில் உட்கார அதற்கு நேரமே இருக்காது. போட்ட உடனே ஒருமுறை கிண்டிவிடுங்கள். தூள் உப்பென்றால் இன்னும் நல்லது. மாறுவது உப்புப் போடுகிற நேரம் மட்டும்தான், அளவும் ருசியும் அப்படியே இருக்கும். உப்பும் புளியும் போட்ட கறியை இரவு முழுக்க எவர்சில்வர்ச் சட்டியிலேயே விடாதீர்கள், கண்ணாடிக்கோ மண்சட்டிக்கோ மாற்றுங்கள். ஊறுகாயைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நோன்பு காலத்தில் மிஞ்சிய கஞ்சியை ஸஹருக்கு வேண்டுமென்று அதே சட்டியில் மூடி வைக்கிற நம்முடைய வீட்டுக்காரர்களும் கவனித்துக்கொள்ளுங்கள். (பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிற அண்டா அலுமினியம். அதன் நோய் வேறு, கறுப்பது வேறு காரணத்தால். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு மோதினாரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.)

உப்பை விட மோசமான ஒன்று குசினியிலேயே இருக்கிறது. வெள்ளை உடுப்புக்குப் போடுகிற பிளீச்சிங் திரவமும் மலசலகூடம் கழுவுகிற அமிலமும். வெள்ளைப் புள்ளி என்றதும் வெளுக்கிற சாமானைத் தேடுகிறோம் போலிருக்கிறது. பிளீச்சிங் திரவத்தில் குளோரின் இருக்கிறது. மலசலகூட அமிலம் பெரும்பாலும் ஐதரோக்குளோரிக் அமிலம். இரண்டும் குரோமியத் தோலை நேரடியாக உரிக்கிற வகை, ஒரு இரவில் நூறு குழி போடும். அதைவிடப் பெரிய ஆபத்து, வினாகிரி ஊற்றியது போதாதென்று அதே சட்டியில் பிளீச்சிங் திரவத்தையும் சேர்ப்பது. அமிலத்தோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளிருக்குக் கதவு சன்னலெல்லாம் அடைத்த லயத்துக் குசினியில் அந்த வாயு என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை. தயவுசெய்து இந்த ஒன்றையாவது வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

கம்பி நாரைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய இரும்பு நார் தேய்க்கும்போது உடைந்து பொடியாகிக் கீறலுக்குள் சிக்கிக்கொள்ளும். இங்கே வருசத்தில் பாதி நாள் மழையும் பனியும். அந்தப் பொடி துருப்பிடிக்கும், நீங்கள் பாத்திரம் துருப்பிடித்துவிட்டது என்பீர்கள், வேன்காரர் காந்தத்தோடு வருவார். தும்பும் துணியும் போதும். விறகடுப்புச் சாம்பலைச் சலித்து வெளிப்பக்கக் கரிக்குப் பாவியுங்கள், எண்ணெய்க்கு அது நல்ல மருந்து. உள்பக்கத்துக்கு மணலைக் கொண்டுபோகாதீர்கள்.

மிச்சம் நின்ற பதினாலு குழிக்கு என்ன செய்தோம்? மறைக்க முயலவில்லை. மேலோட்டமான குழியைப் பட்டறையில் மினுக்கி எடுக்கலாம், ஆனால் சுற்றியுள்ள தகட்டைக் குழியின் ஆழத்துக்குத் தேய்த்தால்தான் குழி மறையும். ஏற்கனவே மெலிந்த அடிக்கு அது மருந்தல்ல. துருப்பிடித்த இரண்டுக்கும் சூடான சிற்றிக் அமிலத்தை இன்னொரு அரை மணி நேரம் விட்டோம், பழைய பல் பிரஷால் தட்டித் தட்டித் துருவை வெளியே எடுத்தோம், மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவினோம், துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் காட்டிக் காயவைத்தோம். காய்ந்த சுத்தமான இடத்தில் தோல் தானாகவே மீண்டும் வளரும்.

கடைசிச் சோதனை ஒழுக்கு. பாத்திரத்தை முழுதாகத் தண்ணீரால் நிரப்பி, காய்ந்த வீரகேசரித் தாள் மேல் வைத்து, ஆசிரியர் அறையைப் பூட்டிவிட்டுப் போனோம். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. நனைந்திருந்தால் நானே பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருப்பேன். ஓட்டை விழுந்ததற்கும், எத்தனை முறை துருவை எடுத்தாலும் ஒரு வாரத்துக்குள் அதே குழியில் துரு திரும்பி வருவதற்கும் விடை கொடுப்பதுதான் சரி. அதுவும் சமையலுக்குத்தான். துரு திரும்புகிற பாத்திரத்தில் அரிசியோ மாவோ போட்டு வைத்தால் அது இன்னும் பத்து வருசம் இருக்கும்.

விஷம் என்று பயப்படுகிறவர்களுக்கு நேர்மையாக இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எவர்சில்வரிலிருந்து நிக்கல், குரோமியம் மிகச் சிறிய அளவில் உணவில் கலப்பது உண்மை. புளிப்பான சாமானை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தால் அது கூடும். புதுப் பாத்திரத்தில்தான் அது கூட, பழகப் பழகக் குறையும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், மலிவுத் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள், புளிக்குழம்பை மண்சட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு இருபது வருசம் பழகிய சட்டியைவிட நேற்று வேனில் வந்த சட்டி பாதுகாப்பானது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

வேன்காரர் போன வெள்ளிக்கிழமை மறுபடி அந்த லயத்துக்குப் போயிருக்கிறார். இந்த முறை அந்த அம்மா காந்தத்தை வாங்கி, அவர் விற்கக் கொண்டுவந்த புதுப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்துக் காட்டினாராம். ஒட்டியதாம். மகள் வகுப்பில் வந்து சொல்லிச் சிரிக்கிறாள். பாத்திரம் வீட்டில்தான் இருக்கிறது, பதினாலு புள்ளியோடு. உப்புப் போத்தலை மட்டும் அடுப்பிலிருந்து எட்டாத தூரத்துக்கு, மேல் தட்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.